ஆறு வீட்டு பிரிஜ்

அந்தக் கடிதத்தை டைப் பண்ணினது நான்தான். யாருக்குப் போகப் போகிறது என்று தெரிந்துகொண்டே டைப் பண்ணினேன்.

ஏ.எல். முடித்து கம்பஸுக்குக் காத்திருந்த ஒன்றரை வருசத்தில், அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் எங்கட ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்தேன். புக்கிங் கொப்பி எழுதுவது, முற்பணத்துக்கு ரசீது போடுவது, கதிரை எண்ணுவது. மெனேஜர் சேர் முன்பு வங்கியில் இருந்தவர். எதையும் கடதாசியில் பார்க்க வேண்டும் அவருக்கு. அந்த மாதம் அவருக்கு ஒரு பயம் வேறு பிடித்திருந்தது. எங்கள் மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட பதினைந்து இருபது பேருக்கு அன்றிரவு வயிற்றோட்டம். ஆருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் பி.எச்.ஐ. வந்து கேட்டார்: சாப்பாடு ஆர் கொண்டு வந்தது? இறைச்சி எங்க வாங்கினது? வாங்கினதுக்கும் சமைத்ததுக்கும் இடையில எங்க வச்சிருந்தது? எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போன் நம்பர். சேர் அந்த நம்பரைச் சொல்லும்போது அவருடைய குரல் போன விதம் எனக்கு இப்பவும் நினைவிருக்கிறது.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் சிங்களப் பிரதி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து ஒரு கிழமை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் மண்டபத்துக்கு வழமையாகச் சமைக்கிற நான்கு பேருக்கும் ஒரே கடிதம். அதன் முக்கியமான பகுதி இதுதான்:

"எமது மண்டபத்தில் நடைபெறும் வைபவங்களுக்குத் தாங்கள் வழங்கும் மாட்டிறைச்சி, கோழியிறைச்சி என்பன கொள்வனவு செய்யப்பட்ட இடம், விற்பனையாளரின் அனுமதிப்பத்திரப் பிரதி, அறுக்கப்பட்ட திகதி குறிப்பிடப்பட்ட பற்றுச்சீட்டு ஆகியவற்றையும், கொள்வனவு செய்த நேரம் முதல் சமைக்கும் நேரம் வரை இறைச்சி வைக்கப்பட்டிருக்கும் குளிரூட்டிய களஞ்சியத்தின் விலாசம், வெப்பநிலை பற்றிய விபரங்களையும் வைபவத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் எழுத்துமூலம் சமர்ப்பிக்குமாறு தயவுடன் வேண்டுகின்றேன்."

நான்கு பேரில் ஒருவர் எங்கட சாச்சா. வாப்பாட தம்பி.

கடித உறையை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது, தபாலில் போட்டேன். ரெண்டு நாள் கழித்து சாச்சா அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கட வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன மகள் இது? முப்பது வருசமா சமைக்கிறன். என்ட சாப்பாட்டத் திண்டு ஆருக்காவது வயித்தால போயிரிக்கா? ஒங்கட சேர் என்னையக் கள்ளன் எண்டு நினைக்கிறாரா?"

உம்மா தேத்தண்ணி போட உள்ளே போனா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து சாச்சாவே கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி. இதுக்கு என்னத்த எழுதிற?"

சாச்சாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஆக, கேள்விக் கடிதத்தை டைப் பண்ணின கைதான் பதில் கடிதத்தையும் எழுத வேண்டி வந்தது.

அடுத்த கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுநூறு பேர், நூறு சஹன். ஒரு சஹனுக்கு ஆறு பேர். மாட்டிறைச்சி 90 கிலோ, கோழி அறுபது. கோழி பிரச்சினையே இல்லை. கம்பனிக் கோழி, பெட்டியோடு ஐஸாகி வரும், திகதியும் ஹலால் முத்திரையும் உறையிலேயே இருக்கும், பில்லும் தருவார்கள். மூன்று வரியில் எழுதி முடித்துவிட்டேன். மாட்டிறைச்சிக்கு வந்ததும் பேனை நின்றது.

வழமையாகச் சாச்சாவுக்குக் களஞ்சியமே தேவையில்லை. பிரதேச சபை மடுவத்தில் விடியற்காலையில் அறுப்பார்கள். சுபஹுக்குப் பிறகு இறைச்சி கடைக்கு வரும்போது கையில் பிடித்தால் இன்னும் சூடு தெரியும். சாச்சா வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போவார். வெட்டி, கழுவி, மசாலா பிரட்டி, ஏழரைக்கு அடுப்பில். அறுத்ததற்கும் கொதித்ததற்கும் இடையில் நாலு மணித்தியாலம்கூட வராது. "சூட்டு இறைச்சிக்கு என்னத்துக்கு பிரீசர்" என்று அவர் கேட்பது வீம்பு இல்லை, அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நான் கலண்டரைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை போயா. போயா அன்று இலங்கை முழுக்க மடுவமும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. ஞாயிறு காலையில் கடை திறந்து இறைச்சி வரும்வரை காத்திருந்தால் நூறு சஹனுக்குரிய சமையல் பகல் சாப்பாட்டுக்கு முடியாது, அடுப்பு மூட்டுவது விடிய மூன்று மணிக்கு. அப்படியென்றால் இறைச்சியை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வாங்க வேண்டும். எட்டு மணியிலிருந்து ஞாயிறு விடிய மூன்று மணி வரைக்கும் எண்ணினால் நாற்பத்து மூன்று மணித்தியாலம்.

"போயாவுக்கு அடுத்த நாள் கலியாணம் வந்தா என்ன சாச்சா செய்யிற?"

"பிரிஜ்ஜில வைக்கிறதான்."

"எங்கட வீட்டு பிரிஜ்ஜில பதினைஞ்சு கிலோதானே கொள்ளும்?"

"ஒங்கட வீடு, மாமிட வீடு, ஹாஜியாரட வீடு..." விரலை மடக்கினார். ஆறு வீடு. ஆறு பதினைந்து தொண்ணூறு. கணக்கு அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, சின்னதில் சில நாட்களில் எங்கட பிரிஜ்ஜின் மேல்தட்டில் ஐஸ் பழத்துக்கு இடமில்லாமல் ஒரு பெரிய கறுப்பு சொப்பிங் பேக் ஏன் அடைந்து கிடந்தது என்று. குளிரூட்டிய களஞ்சியத்தின் விலாசம் என்று கேட்டிருந்த இடத்தில் ஆறு வீட்டு விலாசத்தையா எழுதுவது? எனக்குச் சிரிப்பு வந்தது. சாச்சாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

பிறகு அவரே சொன்னார், 2022இல் கரண்ட் வெட்டு பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று போன நாட்களில் ஒரு கல்யாணத்துக்கு வைத்த இறைச்சியில் இரண்டு வீட்டுப் பங்கு மணக்கத் தொடங்கி, முப்பது கிலோவைக் குழி தோண்டித் தாட்டது. ஆருக்கும் சொல்லவில்லையாம். கைக்காசு போட்டுக் கோழி வாங்கிச் சமாளித்தாராம். இந்தக் கதையை அவருடைய பிள்ளைகளே கேள்விப்பட்டிருக்கவில்லை.

கரண்ட் இருந்தால் ஆறு பிரிஜ்ஜும் போதுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. கல்முனையில் ஒரு கடையில் ஊசி வைத்த இலக்ட்ரோனிக் வெப்பமானி ஒன்று வாங்கினேன், இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வகை. அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை சாச்சாவுக்கு ஒரு கத்தம் சமையல் இருந்தது. பதினைந்து கிலோ. அவர் எப்போதும் செய்கிற மாதிரியே ஒரே பேக்கில் கட்டி எங்கட பிரிஜ்ஜின் பிரீசர் தட்டில் காலை ஒன்பது மணிக்கு வைத்தோம். பின்னேரம் மூன்று மணிக்கு வெளியே எடுத்தேன். மேல் பக்கம் கல்லு மாதிரி, தட்டினால் சத்தம் கேட்கும். சாச்சா, "பாத்தியா" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கத்தியால் பிளந்து நடுவில் ஊசியைக் குத்தினேன். 23 பாகை.

ஆறு மணித்தியாலம் பிரீசரில் கிடந்த இறைச்சியின் நடு, வெளியில் வைத்த தண்ணீரை விடக் கொஞ்சம்தான் குளிர். அதிசயம் ஒன்றுமில்லை. அறுத்த மாட்டின் சூடு அந்தக் கட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. இறைச்சியால் அந்தச் சூட்டை வேகமாக வெளியே கடத்த முடியாது, பேக்குக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து போர்வை மாதிரி மூடிவிடும். வீட்டு பிரிஜ் என்பது குளிர்ந்த சாமானைக் குளிராக வைத்திருக்கச் செய்த பெட்டி. சுடச்சுடப் பதினைந்து கிலோவைக் குளிராக்குகிற பலம் அதற்கு இல்லை. ஐந்து பாகைக்கு மேலே கிருமி பெருகும், இருபது முப்பதில் நன்றாகவே பெருகும். மேல்பக்கம் கல்லாக இருப்பதால் ஆருக்கும் தெரியாது. ஞாயிறு விடிய வெட்டும்போது நடுவில் ஒரு புளிச்ச மணம் வரும், நிறமும் கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும். சாச்சாவுக்கு அந்த மணம் தெரியும். "எலும்புப் பக்கத்தில வாற மணம்" என்றார். அப்படி வந்த துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பது அவருக்குப் பழக்கம். வெப்பமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே அவர் இன்னொரு விசயத்தையும் சொன்னார், அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. கடைசியாக வந்த போயாக் கல்யாணத்தில் கடைக்காரரிடம் 65 கிலோதான் கிடைத்ததாம். மிச்சம் இருபத்தைந்து கிலோ ஒரு வளவுக்குள் களவாக அறுத்த மாட்டில் வாங்கியது. ஹலாலாகத்தான் அறுத்தார்கள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிருக வைத்தியரோ பி.எச்.ஐ.யோ பார்க்காத மாடு. உயிரோடு இருக்கும்போது காய்ச்சல் இருந்ததா, ஈரலில் பூச்சி இருந்ததா, ஆருக்குத் தெரியும்? ஆரட மாடு என்பதுகூடத் தெரியாது. எங்கட பக்கம் மாடு களவு போகிற கதை புதிதில்லை.

"எழுதாத அத," என்றார். "எழுதல்ல சாச்சா. ஆனா இந்த முறை வாங்கவும் ஏலா."

அடுத்த நாள் இருவரும் இறைச்சிக்கடைக்குப் போனோம். கடைக்காரருக்குச் சபையின் அனுமதிப்பத்திரம் இருந்தது, சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. போட்டோ எடுத்துக்கொண்டேன். பில் கேட்டதும் மேசை லாச்சிக்குள்ளிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, "எத்தின கிலோ போடட்டும்? தொண்ணூறு போடட்டுமா?" என்றார். நாங்கள் இன்னும் ஒரு கிலோகூட வாங்கவில்லை. சாச்சாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஒப்பத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சேருக்குக் கடதாசி கிடைக்கும், பைலில் போடுவார். பேப்பர் கேட்கிறவர்களுக்கு பேப்பர் கிடைக்கும் என்பதில் எனக்கு அன்றிலிருந்து பெரிய மரியாதை இல்லை.

சாச்சா பில் புத்தகத்தை மெல்லத் தள்ளி வைத்தார். "வேணாம் தம்பி. வெள்ளிக்கிழமைக்கு எனக்கு உண்மையாவே தொண்ணூறு கிலோ வேணும். ஏலுமா?"

ஏலுமாம். முதல்நாள் வந்து கேட்டால்தான் ஏலாது. நாலைந்து நாளைக்கு முன்னே முற்பணத்தோடு சொன்னால் மேலதிகமாக ஒரு மாடு எடுத்து, மடுவத்தில் பதிந்து, பரிசோதகர் பார்த்து அறுத்துத் தருவார். இத்தனை வருசமாக வளவு இறைச்சி வாங்கின காரணம் கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் கேட்டதுதான். மண்டபக்காரர்களும் கல்யாண வீட்டாரும் ஆள் எண்ணிக்கையை இரண்டு நாளைக்கு முன்புதான் சொல்வார்கள் என்பது அதற்குப் பின்னால் இருக்கிற காரணம். அதையும் பதில் கடிதத்தில் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கடைக்காரர் இன்னொரு நல்ல விசயமும் சொன்னார். பரிசோதித்த மாட்டின் தொடையிலும் விலாவிலும் முத்திரை குத்தியிருக்கும், ஆனால் கறிக்கு வெட்டின பிறகு அது எங்கே? எல்லாத் துண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே கொக்கியில் தொங்கும்போதே முத்திரை தெரிய ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். அந்தப் போட்டோவில் திகதியும் நேரமும் தானாக விழும். எனக்கென்றால் பில்லைவிட அதுதான் அத்தாட்சி.

இனி நாற்பத்து மூன்று மணித்தியாலம். பெரிய பிரீசர் வாங்கச் சாச்சாவிடம் காசில்லை. வாங்கினாலும், அந்தப் பெட்டிகளின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோவை அதால் உறைய வைக்க முடியும் என்று போட்டிருக்கும். நாங்கள் கடையில் பார்த்த முந்நூறு லீட்டர் பெட்டியில் அது இருபது கிலோவுக்குக் கிட்டத்தான் இருந்தது. தொண்ணூறு கிலோ சூட்டு இறைச்சியை அதற்குள் அடைத்தால் செவ்வாய்க்கிழமை கதைதான்.

வழி காட்டினது உம்மாட தம்பி. மாமா தோணிக்காரர். "மீனுக்கு நாங்க என்ன செய்யிறம்? பிரிஜ்ஜா கொண்டு போறம் கடலுக்கு? ஐஸ்தானே." சொன்னபோது எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. கடற்கரையில் இருந்துகொண்டு இதை யோசிக்கவில்லை. ஐஸ் பிரிஜ்ஜைப் போலக் காற்றால் குளிராக்குவதில்லை, தொட்டுக்கொண்டே சூட்டைக் குடித்து உருகும். தொண்ணூறு கிலோ சூட்டு இறைச்சியை நாலு பாகைக்குக் கொண்டுவர முப்பது கிலோ ஐஸ் கிட்டத்தட்டப் போதும் என்று நான் ஏ.எல். பௌதிகக் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாமா அதைக் கேட்டுவிட்டு, "கணக்கு சரி, வெயில் கணக்குத் தெரியா" என்றார். இறைச்சிக்குச் சமமான நிறை ஐஸ், அடுத்த நாள் காலையில் மேலே இன்னும் முப்பது கிலோ. அதுதான் அவருடைய கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை. மீன் மணக்காத புதுப் பெட்டி இரண்டு, இருநூறு லீட்டர், தடித்த சுவர், அடியில் தண்ணீர் போக ஓட்டை. இறைச்சியைக் கழுவாமல் வெட்டி, இரண்டு கிலோ வீதம் நாற்பத்தைந்து பேக்கில் போட்டு, காற்றை வெளியேற்றி, உள்ளங்கையால் அமுக்கி இரண்டு விரல் தடிப்புக்குத் தட்டையாக்கினோம். இந்தத் தட்டையாக்குவதுதான் முழு வேலையின் உயிர். பிறகு உடைத்த ஐஸ் ஒரு படை, பேக் ஒரு படை, மறுபடி ஐஸ். உருகும் தண்ணீர் இறைச்சியில் படாமல் பேக்கின் வாயை இறுக்கிக் கட்டினோம். ஒன்பதரைக்கு மூடினோம். ஜும்ஆவுக்குப் போகுமுன் பன்னிரண்டரைக்குத் திறந்து நடுப் படையில் ஒரு பேக்கை எடுத்துக் குத்தினேன். 5 பாகை. செவ்வாய்க்கிழமை ஆறு மணித்தியாலத்தில் 23. இப்போது மூன்று மணித்தியாலத்தில் 5. சாச்சா வெப்பமானியை வாங்கி, நம்பாமல், தானே இன்னொரு பேக்கில் குத்தினார். 4.

ஒரு அப்பியாசக் கொப்பியில் நேரம், பெட்டி, பாகை என்று மூன்று கோடு கிழித்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழுதினோம். கரண்ட் பற்றிக் கவலையில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் கரண்ட் போனதைச் சாச்சா கவனிக்கவே இல்லை. ஞாயிறு விடிய மூன்று மணிக்குக் கடைசியாக எழுதினது 2 பாகை.

நான் கதையில் முந்தி ஓடிவிட்டேன். இதெல்லாம் நடப்பதற்கு முதல் புதன்கிழமை பின்னேரம் பதில் கடிதம் போயிருந்தது. கடையின் பெயர், அனுமதிப்பத்திரப் பிரதி, முற்பண ரசீது. பற்றுச்சீட்டும் முத்திரைப் போட்டோவும் வெள்ளிக்கிழமை காலை அனுப்பப்படும். களஞ்சியம் என்பது இரண்டு ஐஸ் பெட்டி, விலாசம் சாச்சாவின் வீடு, நேரில் வந்து பார்க்கலாம். நான் பேனையை மூடப் போகும்போது சாச்சா நிறுத்தினார்.

"இரு. ஒங்கட சேர் பச்சை இறைச்சியப் பத்தித்தான் கேட்டிரிக்காரு. சமைச்ச கறியப் பத்தி ஒண்டும் கேக்கல்லியே?"

நான் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். உண்மைதான். ஒரு வரிகூட இல்லை.

"பன்னெண்டரைக்குச் சாப்பாடு எண்டு சொல்லுவாங்க. மாப்பிள ரெண்டு மணிக்கு வருவாரு. பிறகு போட்டோ. மூணு மணிக்குத்தான் சஹன் விரிப்பாங்க. கறி பதினொண்டுக்கே எறங்கிட்டு. அந்தப் பெரிய தேக்சாவ ஒங்கட ஹோல் பின்பக்கத்தில வெறும் நிலத்தில வைக்கச் சொல்லுவாரு சேர், தணல் வச்சா டைல்ஸ் வெடிக்குமாம்."

முன்பு வருத்தம் வந்த அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று ஆரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அன்று சாப்பாடு பரிமாறியது மூன்றேகாலுக்கு. அது என் புக்கிங் கொப்பியிலேயே இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் சாகாத விதை மாதிரியான கிருமி சில இறைச்சியில் இருக்கும். கறி அறுபது பாகைக்கு மேலே சூடாக இருக்கும் வரைக்கும் சும்மா கிடக்கும், இளஞ்சூட்டுக்கு இறங்கினதும் முளைக்கும். ஐம்பது கிலோ தேக்சா ஒன்று அந்த இளஞ்சூட்டில் மணிக்கணக்காக நிற்கும். எவ்வளவு நல்ல மாடு, எவ்வளவு நல்ல ஐஸ் என்றாலும் அந்த நேரத்தில் உதவாது.

சாச்சா சொல்ல நான் எழுதினேன்:

"அடுப்பிலிருந்து இறக்கிய கறி பரிமாறும் வரை தணல் மீது வைப்பதற்கு மண்டபத்தின் பின்புறத்தில் இடம் ஒதுக்கித் தருமாறும், ஆள் எண்ணிக்கையை ஐந்து நாட்களுக்கு முன்னர் உறுதிப்படுத்துமாறும், இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாற ஏற்பாடு செய்யுமாறும் அன்புடன் வேண்டுகின்றேன். இவற்றைத் தாங்களும் எழுத்துமூலம் உறுதிப்படுத்தினால் உதவியாக இருக்கும்."

கீழே ஒப்பமிட்டார். எழுத்தெண்ணி எழுதும் ஒப்பம், நேரம் எடுத்தது.

இந்த முறை தபாலில் போடவில்லை. நானே சேரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். கடைசிப் பந்தியில் நின்றார்.

"இத ஆர் எழுதினது தங்கச்சி?"

"சாச்சா சொன்னாரு சேர். நான் எழுதினன்."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே, மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டைல்ஸ் போட்ட நிலம் வெயிலில் பளபளத்தது. பிறகு மேசன்பாஸுக்குப் போன் எடுத்து, பத்தடிக்கு ஆறடியில் சீமெந்துத் தரை போட எத்தனை பக்கெட் மணல் வேணும் என்று கேட்டார்.